மணம் பார்த்தல்: இரண்டு

டிசம்பர் பிறந்தால் எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். மாரி மழையால் அல்ல, புள்ளி போடுவதால். எட்டு மனிதர்களை ஒரு வருடம் முழுக்கப் பார்த்துவிட்டு, இவர் இரண்டு, இவர் நான்கு என்று எழுதிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். மாட்டுக்கு விலை சொல்கிறவன் பல்லையாவது பிடித்துப் பார்ப்பான். எனக்கு அதுவும் இல்லை. ஒரு லெப்டொப், ஒரு கட்டுப் படிவம், ஆறிப்போன தேத்தண்ணி.

ஒரு பால் கம்பனியின் பிரதேச முகாமையாளர் நான். அலுவலகம் களுவாஞ்சிக்குடியில். பால் சேர்த்துக் குளிரூட்டுகிற நிலையம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலை வீதியில் இருக்கிறது. பண்ணையாளர்கள் விடிய ஐந்தரைக்கே சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கேன் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். எட்டரைக்குப் பவுசர், அதுதான் தாங்கி லொறி, வந்து பாலை இழுத்துக்கொண்டு போகும். இடையில் உள்ள மூன்று மணித்தியாலம்தான் எங்கள் பிழைப்பு.

அந்த நிலையத்தில் பாலைப் பரிசோதிப்பவர் ஓர் அக்கா. என்னை விட ஏழு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். ஒன்பது வருடமாக அவருக்கு ஒவ்வொரு ஜனவரியும் ஒரு வருட ஒப்பந்தம். நிரந்தரமாக்க வேண்டுமானால் தொடர்ந்து மூன்று வருடம் மொத்தப் புள்ளி மூன்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், வயது ஐம்பதைத் தாண்டக்கூடாது. இரண்டு வருடம் நல்ல புள்ளி வாங்கிவிட்டார். இது மூன்றாவது. வயது நாற்பத்தொன்பது. அதாவது இந்த முறை விட்டால் விட்டதுதான். புருசன் இல்லாத மனுசி, நிரந்தரமானால் கடைசிக் காலத்துக்கு ஏதோ ஒரு பிடிமானம். அவர் அதை என்னிடம் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

புள்ளி போடுகிற முறையைக் கொஞ்சம் சொன்னால்தான் என் பாடு விளங்கும். ஒவ்வொருவருக்கும் ஆறு வரி. அக்காவுக்கு: மணம் பார்த்தல், சோதனைத் திருத்தம், பதிவு, சுத்தம், நேரம், மற்றவர்களோடு ஒத்துழைப்பு. ஒன்றிலிருந்து ஐந்து வரை முதலில் அவர் தனக்குத் தானே போடுவார், பக்கத்தில் இரண்டு வரி எழுதுவார், பிறகு நான் போடுவேன். ஆறையும் கூட்டிச் சராசரி எடுப்பது கணினி. சில வரிகளுக்கு நட்சத்திரம் குத்தியிருப்பார்கள். நட்சத்திர வரியில் மூன்றுக்குக் குறைந்தால் மற்றதெல்லாம் ஐந்தாக இருந்தாலும் மொத்தம் இரண்டுதான். வருடத்தில் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவருக்கும் இரண்டுதான். இதெல்லாம் போக, எட்டுப் பேரில் ஒருவராவது மூன்றுக்குக் கீழே இருந்தாக வேண்டும். எல்லோரும் நல்லவர்கள் என்று எழுதினால் கணினி வாங்காது. நல்லவர்கள் எட்டுப் பேரைச் சேர்த்து வைத்திருப்பது முகாமையாளரின் குறையாம்.

களத்தில் வேலை செய்கிறவர்கள் தமிழில், கடதாசியில் நிரப்பித் தருவார்கள். அதை நான் கணினியில் ஏற்ற வேண்டும். புள்ளிகளை ஏற்றாவிட்டால் கணினி விடாது. அவர்கள் எழுதுகிற இரண்டு வரியை ஏற்றாவிட்டால் ஒன்றும் சொல்லாது. சொல்லாத இடத்தில் நான் ஏன் மினக்கெட வேண்டும்? இலக்கத்தை மட்டும் பார்த்துத் தட்டிவிட்டுப் போவது என் வழக்கமாகிவிட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் இளம் பொடியன்மார் தங்களுக்குத் தாங்களே ஐந்து போட்டுக்கொள்வார்கள், கை கூசாது. வயது வந்தவர்கள் அப்படியல்ல. தன்னைத் தானே புகழ்வது இங்கே வெட்கக்கேடு. "நாம நம்மளச் சொல்லுற நல்லாயில்ல மிஸ், நீங்க பாத்துப் போடுங்க" என்று இரண்டும் மூன்றுமாக எழுதித் தருவார்கள். கல்யாண வீட்டில் இலையில் கைவைத்து மறைத்துப் "போதும் போதும்" என்கிறவருக்குப் போதும் என்றா அர்த்தம்? ஆகவே பொடியன்மாருக்கு ஒன்று குறைப்பேன், பெரியவர்களுக்கு இரண்டு கூட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஊர் மனம் தெரிந்த முகாமையாளர் என்று.

அன்று கடைசி நாள். நள்ளிரவு பன்னிரண்டுக்குக் கணினி பூட்டிக்கொள்ளும். ஏழு பேரின் புள்ளியை ஏற்றிவிட்டேன். மூன்றுக்குக் கீழே ஒருவர் வேண்டும் என்ற தலையிடியும் அந்த வருடம் இல்லை. நிலையத்தில் கேன் கழுவுகிறவர் ஐப்பசியில் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார், அதனால் அவருக்குத் தானாகவே இரண்டு. அந்த இரண்டைத் தட்டும்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

பத்தரை மணிக்கு அக்காவின் படிவத்தை எடுத்தேன். கண் எரிந்தது. மேசைக்குக் கீழே நுளம்பு காலைக் கடித்துப் பிடுங்கியது. என் கணவர் அறைக்குள்ளிருந்து, "இன்னும் முடியல்லையா?" என்றார்.

"ஒண்டுதான் கிடக்கு. நீங்க படுங்க."

"ஒண்டு ஒண்டெண்டு எட்டு மணியில இருந்து சொல்லுறீங்க."

அக்கா இந்த முறையும் மணம் பார்த்தலில் தனக்கு இரண்டு போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கேன் மூடியைத் திறந்ததும் குனிந்து மணப்பதுதான் பால் பரிசோதனையின் முதல் வேலை. புளிப்பு, புகை, சாணம், மருந்து எல்லாம் கருவிக்கு முன் மூக்குக்குத்தான் தெரியும். ஒன்பது வருடமாக அதைச் செய்கிற மனுசி தனக்கு இரண்டு போட்டால் அது அடக்கம்தானே? வழக்கம்போல் நான்கு தட்டினேன். நேரத்துக்கு மட்டும் இரண்டு போட்டேன், அது பொய்யில்லை. முன்பெல்லாம் எட்டு மணிக்கு முடிகிற வேலை இப்போது எட்டே முக்காலுக்கு இழுபட்டது. பவுசர் சாரதி ஒவ்வொரு கிழமையும் என்னிடம் முறைப்பாடு. மொத்தம் மூன்று தசம் எட்டு வந்தது. அப்பாடா, அக்கா நிரந்தரம்.

நேரத்துக்கு இரண்டு போட்டால் காரணம் எழுத வேண்டும். அதற்காகத்தான், அதற்காக மட்டும்தான், அவருடைய கையெழுத்தை வாசித்தேன். நேரத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது: "ஒவ்வொரு கேனுக்கும் அல்கஹோல் சோதனை செய்வதால் பிந்துகிறது. காரணம் முதலாவது வரியில் உண்டு."

முதலாவது வரிக்குப் போனேன். "மணம் தெரியாது. இனி வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மணம் பார்க்க ஒரு ஆளைத் தந்தால் நல்லது."

இரண்டாம் தரமும் வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வாசித்தேன். எழுத்து மாறவில்லை.

பழைய பைல்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஏனென்றால் உண்மையைச் சொல்கிறேன், முகாமையாளரின் கருத்து என்ற பெட்டியை ஒவ்வொரு வருடமும் போன வருடத்திலிருந்து பார்த்துத்தான் எழுதுவேன். போன வருடத்துப் படிவத்தை எடுத்தேன். "மணம் இன்னும் வரவில்லை. அதனால் எல்லாக் கேனுக்கும் அல்கஹோல் சோதனை செய்கிறேன்." அதற்கு முந்திய வருடம்: "கொரோனாவுக்குப் பிறகு மணம் தெரிவதில்லை. சுகமாகும் என்கிறார்கள்." இரண்டு படிவத்திலும் அவர் போட்டது இரண்டு, நான் போட்டது நான்கு. அதற்குக் கீழே என் கையெழுத்தில் ஒரே வசனம் இரண்டு முறை: அனுபவமுள்ள பரிசோதகர், இப்படியே தொடரட்டும்.

அடக் கடவுளே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஒரு மனுசி மூன்று வருடமாக எனக்கு மூக்கு இல்லை என்று எழுதித் தந்திருக்கிறாள். நான் இப்படியே தொடரட்டும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பிறகுதான் நினைவு வந்தது, ஐப்பசி மாதத்து மண்ணெண்ணெய்ப் பால். ஒரு நாள் எங்கள் பவுசர் பாலைத் தொழிற்சாலையில் திருப்பிவிட்டார்கள், மண்ணெண்ணெய் மணக்கிறதென்று. முழுத் தாங்கிப் பாலும் வெளியே ஊற்றப்பட்டது. கொழும்பிலிருந்து போனுக்கு மேல் போன். நான் பட்டிருப்புப் பாலத்தால் பறந்துபோய் நிலையத்தில் நின்றேன். கேன் கழுவுகிறவர் அன்று ஐந்தரைக்கு வர வேண்டியவர், ஏழு மணிக்குத்தான் வந்திருந்தார். முதல்நாள் இரவு அவருக்கு ஒரு செத்த வீடு. வடிதுணி கழுவாமல் கிடந்தது. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தலும் இருந்தது. இரண்டையும் கூட்டி நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மண்ணெண்ணெய்க் கையோடு வடிதுணியைத் தொட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அப்போது அக்கா எனக்கு முன்னால் வந்து நின்றார். "மிஸ், பிழை என்னிலதான். ஆரோ ஒருத்தர்ர கேன்ல வந்திருக்கு. நான் பிடிச்சிருக்கோணும். அவரக் கேக்காதீங்க."

"சும்மா இரிங்க அக்கா. எல்லாற்ற பிழையையும் நீங்களே தலையில தூக்காதீங்க" என்று நான் அதட்டினேன்.

கேன் கழுவுகிறவரிடம் திரும்பி, "என்ன சொல்லுறீங்க?" என்றேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பிந்தி வந்தது நான்தான் மிஸ்."

எனக்கு அது ஒப்புதலாகப் பட்டது. அன்று பின்னேரமே கடிதம் கொடுத்தேன். அல்கஹோல் சோதனையில் புளித்த பால் திரியும், மண்ணெண்ணெய் பிடிபடாது. அது எனக்குத் தெரியாத விசயமா? பயிற்சி வகுப்பில் நானே படிப்பித்தது. மண்ணெண்ணெயை மூக்குத்தான் பிடிக்க வேண்டும். அந்தக் காலை அந்த நிலையத்தில் மூக்கு இருக்கவில்லை. அதை அந்த மனுசி என் முகத்துக்கு நேரே சொன்னாள், நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது எனக்கு முன்னால் இரண்டு வழிதான். மணம் பார்த்தல் நட்சத்திர வரி. அங்கே உண்மையான புள்ளி இரண்டு. அதைப் போட்டால் அக்காவின் மொத்தமும் இரண்டு, நிரந்தரம் இல்லை, இந்தப் பிறவிக்கு இல்லை. நான்கையோ மூன்றையோ விட்டால் அவர் தப்புவார். ஆனால் கேன் கழுவுகிறவர் செய்யாத குற்றத்தோடு இரண்டிலேயே கிடப்பார். சரி, கடிதத்தைத் திரும்ப எடுத்து அவரையும் தூக்கிவிடலாம் என்று பார்த்தேன். தூக்கினால் மூன்றுக்குக் கீழே ஆளில்லை, எட்டுப் பேரின் படிவத்தையும் கணினி திருப்பிவிடும். வேறு யாரையாவது இறக்கலாமா என்று மற்ற ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். எவ்வளவு கேவலம் பாருங்கள். குற்றம் தேடிக்கொண்டு ஆறு நல்ல மனிதர்களின் பெயரில் விரலை வைத்துக்கொண்டு வந்தேன். பொடியன் ஒருவன் வேலை மேலங்கி போடாமல் நின்றதை மாதக் கணக்கில் பின்னோக்கி நினைத்தேன். பிறகு எனக்கே அருவருத்துப்போய் நிறுத்தினேன்.

பதினொன்றேகாலுக்குத் தலைமை அலுவலகத்தில் இருந்து ஆளணிப் பிரிவுப் பொடியன் போன் எடுத்தான். நல்ல பொடியன், அவனும் தூங்கவில்லை.

"மிஸ், உங்கட ஏழு வந்திட்டு. ஒண்டு எங்க?"

"ஒரு சிக்கல் தம்பி. நட்சத்திர வரியில ஒருத்தருக்கு ரெண்டு வரும் போல கிடக்கு."

"அவங்கட மூணாவது வருசம்தானே? மூண்டு போட்டு விடுங்க மிஸ். ஆர் பாக்கப் போறாங்க?"

"ஆள் தனக்கு ரெண்டு எண்டு எழுதித் தந்திருக்கு."

"எல்லாரும் அப்பிடித்தானே எழுதுறாங்க. அதெல்லாம் பாத்தா நாங்க வேலை செய்யேலுமா? போட்டுட்டுப் படுங்க."

அவன் சொன்னது நான் மூன்று வருடமாகச் செய்ததுதான். என் வாயாலேயே எனக்குப் புத்தி சொன்ன மாதிரி இருந்தது.

மூன்றைத் தட்டினேன். உண்மையாகவே தட்டினேன். மொத்தம் மூன்று தசம் ஆறு சொச்சம். அனுப்பு என்ற பொத்தானுக்கு மேலே விரல் நின்றது. மூன்று என்றால் அர்த்தம் என்ன? எதிர்பார்த்த அளவுக்கு மணம் பார்க்கிறார். அதை எழுதிவிட்டு நாளைக்கு நான் அந்த மனுசிக்கு முன்னால் உட்கார்ந்து, நீங்கள் எழுதியதைப் பார்த்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? வாசிக்காமல் நான்கு போட்டது சோம்பல். வாசித்துவிட்டு மூன்று போட்டால் அது பொய், அதுவும் கேன் கழுவுகிறவரின் தலையில் ஏறி நின்று சொல்கிற பொய். இதே பாலைத்தான் நாளைக்கு ஏதோ ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சப் போகிறார்கள் என்பதும் மனதில் வந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், பெரிதாக வந்தது அது இல்லை. கடிதம் வாங்கும்போது கேன் கழுவுகிறவர் கையை உதறி, ஈரத்தைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கியதுதான் வந்தது.

முதலில் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். காரணம் கேட்டது. "முகாமையாளரின் பிழையான தீர்மானம்" என்று எழுதினேன். இரண்டாக இருந்த அவருடைய மொத்தம் நான்கானது. பிறகு அக்காவின் முதலாவது வரியில் இரண்டு போட்டேன். நேரத்துக்குப் போட்ட இரண்டை நான்காக்கினேன், அவர் பிந்தியது பாலைக் காப்பாற்றத்தான். ஆறு வரியையும் கூட்டினால் பழையபடி மூன்று தசம் எட்டு. அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நட்சத்திரம் வேலை செய்தது. மூன்று தசம் எட்டு அழிந்து இரண்டு என்று நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மெசினைத் தூக்கி வாவியில் எறியலாம் போல ஆத்திரம்.

கருத்துப் பெட்டியில் அந்த வருடம் பழையதைப் பார்த்து எழுதவில்லை. ஊழியர் மணம் தெரியாததை மூன்று வருடமாக எழுத்தில் அறிவித்திருக்கிறார், நான் வாசிக்கவில்லை, பிழை என்னுடையது. சோதனைத் திருத்தத்தில் இவரைப் போல் ஒருவர் இல்லை. மணம் பார்க்காத ஒரு வேலையில் இவரை நிரந்தரமாக்க விசேட அனுமதி கேட்கிறேன். இவ்வளவையும் எனக்குத் தெரிந்த இங்கிலிசில் எழுதி அனுப்பும்போது பதினொன்று ஐம்பத்திரண்டு. எட்டுப் பேரையும் கணினி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. மூன்றுக்குக் கீழே ஒருவர் இருந்தாரே.

பத்து நாளில் பதில் வந்தது. விசேட அனுமதி இல்லை. பரிசோதனையிலிருந்து எடுத்துப் பதிவு வேலைக்கு விட்டு இன்னொரு வருட ஒப்பந்தம் கொடுக்கலாம். என்னையும் கொழும்புக்கு வந்து விளக்கம் சொல்லச் சொன்னார்கள். அது நியாயம்தான்.

புள்ளியை ஊழியரோடு நேருக்கு நேர் பேசிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. பவுசர் போன பிறகு நிலையத்துக்குப் போனேன். வழியெல்லாம் வயல் வட்டையில் வெள்ளம் வற்றாமல் நின்றது. அக்கா சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளிக் கேன் கழுவுகிறவர் பைப்புக்குக் கீழே கேனை உருட்டிக்கொண்டிருந்தார். அக்காவையும் என்னையும் தவிர வேறு ஆளில்லாத மேசையில் படிவத்தை வைத்தேன்.

அக்கா முதல் பக்கத்திலேயே மொத்தத்தைப் பார்த்துவிட்டார். இரண்டு. விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப இல்ல, என்ன மிஸ்?"

"இல்ல அக்கா. பதிவு வேலைக்கு இன்னொரு வருசம் தாறாங்க. நிரந்தரம் இல்ல. நான் கேட்டுப் பாத்தன். மாட்டன் எண்டுட்டாங்க."

"இந்த வருசம்தான் வாசிச்ச நீங்க."

கேள்வியில்லை அது. ஓம் என்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதல் வருசமே வாசிச்சிருந்தா வேற வேலைக்கு மாறி அதில மூணு வருசம் எடுத்திருப்பன். அதுக்குத்தானே எழுதின. மூக்குப் போன எண்டு ஊரெல்லாம் சொல்லேலுமா? உங்களுக்கு மட்டும் எழுதின." குரல் உயர்ந்தது. கோபம்தான். அந்தக் கோபத்துக்கு முன்னால் எனக்குத் தலை நிமிரவில்லை. நான் அவரை நல்லவர், அடக்கமானவர் என்று புகழ்ந்து புகழ்ந்தே மூன்று வருடத்தைத் தின்றிருக்கிறேன்.

பிறகு கேட்டார், "அவர்ர கடிதம்?"

"திரும்ப எடுத்திட்டன். அவருக்கு நாலு."

"சரி. பேனையத் தாங்க."

கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே ஊழியரின் இறுதிக் கருத்து என்று ஒரு பெட்டி உண்டு. யாரும் ஒன்றும் எழுதுவதில்லை. "திருப்தி" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள். அக்கா நிறைய எழுதினார். ஊன்றி ஊன்றி எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டு என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துப் பைலுக்குள் வைக்கப் போனேன், கை அப்படிப் பழகிப்போயிற்று.

"வாசிங்க மிஸ்" என்றார். "சத்தமா."

வாசித்தேன். "இரண்டு வருடமாக ஒவ்வொரு கேனையும் மணந்து பார்த்துச் சொல்கிறவர் கேன் கழுவுகிறவர். அது அவருடைய படிவத்தில் இல்லை, அதற்கு அவருக்குச் சம்பளமும் இல்லை. அவர் பிந்தி வந்த ஒரு நாள்தான் மண்ணெண்ணெய் போனது. எனக்கு மணம் பார்த்தலுக்குப் போட்ட நாலு அவருடையது."

பைப் நின்றது. அவர் கேனைப் பிடித்தபடி எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனக்கா இதெல்லாம் எழுதுற?" என்றார் அக்காவிடம்.

"இப்ப வாசிக்கிறாங்க" என்றார் அக்கா. "அதான் எழுதின."